வட்டகொடையில் அணைக்கப்பட்ட இரண்டு விளக்குகள்

கடந்த கார்த்திகைத் தீபத்தன்று வட்டகொடையில் நான் எடுத்த புகைப்படம் ஒன்று, நான் அனுப்பிவைத்த பத்திரிகையில் "சுத்தம் செய்யப்பட்டு" வெளியானது. பத்திரிகையின் பெயரை எழுதப்போவதில்லை. அங்குள்ளவர்கள் இதை வாசிப்பார்கள், அது போதும்.

படத்தில் இரண்டு லயங்கள். ஒன்று மேட்டில், மற்றொன்று பள்ளத்தில். காம்பராக்களின் வாசல்தோறும் அகல் விளக்குகள். கீழ் லயத்தின் கோடியில், சிறிய மாரியம்மன் கோயிலின் முகப்பில் மூன்று பெரிய மின்குமிழ்கள். மழை விட்டுப் பனிமூட்டம் இறங்கத் தொடங்கிய நேரம். மேல் லயத்தின் மீது பச்சை சாயலுடன் மூன்று மங்கிய புள்ளிகள் விழுந்திருந்தன. பக்கம் அமைத்த இளைஞர் அவற்றைக் கண்டார். கண்டது சரி. தூரிகையை எடுத்து, அருகிலிருந்த இருளைப் பிரதி செய்து, அவற்றின்மேல் பூசினார். மூன்றோடு நிறுத்தவில்லை, ஐந்தைப் பூசிவிட்டார். எஞ்சிய இரண்டும் உண்மையான அகல் விளக்குகள்.

பத்திரிகை வெளியான மறுநாள் அந்த லயத்திலிருந்து ஓர் அம்மையார் தொலைபேசியில் கேட்டார்: "எங்க வீட்ல யாரு செத்தாங்கன்னு வெளக்க அணைச்சீங்க, சார்?" இறப்பு நேர்ந்த வீட்டில் அந்த ஆண்டு விளக்கேற்றுவதில்லை என்பதை அறிந்தவர்களுக்கு அக்கேள்வியின் பாரம் விளங்கும். நான் மன்னிப்புக் கேட்டேன். ஆசிரியபீடத்தில் கேட்டபோது, "புள்ளியைத்தானே எடுத்தோம், தூசி தட்டுவது போல" என்றார்கள். இந்தக் கட்டுரை அந்தப் பதிலுக்கானது.

தூசி அல்ல, நண்பர்களே. பேரொளி ஒன்று கமராவுக்குள் நுழையும்போது அதன் சிறு பகுதி உணரியின் பளபளப்பான மேற்பரப்பில் பட்டுத் திரும்பி, லென்ஸின் கண்ணாடிகளில் மோதி மீண்டும் உணரிக்கே வருகிறது. கைத்தொலைபேசிக் கமராக்களில் இவ்வாறு திரும்பி வரும் பொய்வெளிச்சம் பெரும்பாலும் படத்தின் மையத்துக்கு நேர் எதிர்ப்புறத்தில், தலைகீழாக விழுகிறது. கண்ணாடிகளின் மேற்பூச்சினால் அதற்குப் பச்சையோ ஊதாவோ ஏறிவிடுகிறது. ஆகவே எது பொய் எது மெய் என்பதைக் கண்ணால் ஊகிக்க வேண்டியதில்லை, கணக்கிட்டே அறியலாம்.

என் படம் 4000 புள்ளி அகலமும் 3000 புள்ளி உயரமும் கொண்டது. கோயிலின் முதல் மின்குமிழ் இடமிருந்து 1240, மேலிருந்து 2130 என்ற இடத்தில் உள்ளது. 4000இலிருந்து 1240ஐயும், 3000இலிருந்து 2130ஐயும் கழித்தால் 2760, 870 வருகிறது. முதலாவது பச்சைப் புள்ளி சில புள்ளிகள் தள்ளி அங்கேதான் நிற்கிறது. மற்ற இரண்டு மின்குமிழ்களுக்கும் அவ்வாறே. அழிக்கப்பட்ட ஏனைய இரண்டுக்கும் இதே கணக்கைப் போட்டால், எதிர்ப்புறத்தில் இருப்பது வெறும் தேயிலைச் செடி. அங்கே ஒளியே இல்லை. பிறப்பிக்க ஒளியில்லாத இடத்திலிருந்து பொய்வெளிச்சம் எப்படி வரும்? இந்தக் கழித்தலுக்கு அரை நிமிடம் போதும். ஆனால் வெட்டப்படாத மூலப்படத்தில் செய்ய வேண்டும். ஓரத்தை வெட்டிய படத்தில் மையம் இடம்மாறியிருக்கும், கணக்குப் பொய்க்கும்.

கணக்கில் விருப்பமில்லாதவர்க்கும் வழியுண்டு. மெய்யான விளக்கு தன் சுற்றத்தை ஒளியூட்டும். அந்த இரு அகல்களின் கீழும் ஈரச் சீமெந்துத் திண்ணையில் மஞ்சள் கோடு விழுந்திருந்தது, பின்சுவர் சிவந்திருந்தது. விளக்கைப் பூசி மறைத்தவர் அந்தக் கோட்டை மறைக்க மறந்துவிட்டார். அச்சுப்பிரதியில் ஒளிக்கோடு இருக்கிறது, விளக்கைக் காணோம்.

இனி, நீக்கும் முறை. பொய்வெளிச்சம் தனக்குக் கீழுள்ளதை அழிப்பதில்லை, அதன்மேல் கூடுதலாக ஒளியைச் சேர்க்கிறது. சேர்ந்ததைக் கழிக்க வேண்டுமேயன்றி, மேலே வேறொன்றை ஒட்டக்கூடாது. ஒளியின் அளவை அப்படியே எண்ணாகக் காட்டும் நேரியல் நிலையில் படத்தைத் திறந்தேன். உச்ச வெண்மையை 1000 என்று கொண்டால், இருண்ட மலைச்சரிவு சிவப்பு 10, பச்சை 12, நீலம் 11 என்றிருந்தது. பொய்ப்புள்ளியின் நடுவில் 22, 45, 30. வேறுபாடு 12, 33, 19. அந்த நிறத்தையே புதிய அடுக்கொன்றில் மென்மையான விளிம்புடைய வட்டமாகத் தீட்டி, அடுக்கின் முறையை Subtract என மாற்றினேன். புள்ளி மறைந்தது. தகரக் கூரையின் வரிகள் கீழிருந்து மீண்டன. வட்டத்தைச் சுற்றிக் கரிய வளையம் தோன்றினால் நாம் தீட்டியது பெரிதாகிவிட்டது என்று பொருள். நடுவில் கறுத்தால் அளவுக்கு மீறிக் கழித்துவிட்டோம்.

உண்மை ஒளிகள் சேதமாவது இந்த இடத்தில்தான். மூன்றாவது பொய்ப்புள்ளி ஓர் அகல் விளக்கின்மேல் பாதி ஏறிக்கிடந்தது. சுடரின் நடுப்பகுதியை உணரி ஏற்கெனவே முழு வெண்மையாகப் பதிந்துவிட்டது. அதற்குமேல் அதனால் எண்ண முடியாது. ஆகையால் சேர்ந்த ஒளி அங்கே எண்ணிக்கையில் ஏறவேயில்லை. ஏறாததைக் கழித்தால் சுடர் மங்கி, பச்சை குறைந்து, ஊதாச் சாயல் பெறும். எனவே முழு வெண்மையை எட்டிய புள்ளிகளை முதலில் தெரிவுசெய்து, கழித்தல் அடுக்கிலிருந்து அவற்றை விலக்கிவிட வேண்டும். சுடரின் விளிம்பில் சற்றுப் பச்சை எஞ்சும். எஞ்சட்டும்.

மலையகத்தில் இன்னொரு தொல்லை உண்டு. பனிமூட்டத்தில் பிளாஷ் அடித்தால் லென்ஸின் அருகே மிதக்கும் நீர்த்துளிகள் வெள்ளை வட்டங்களாகப் படத்தில் மிதக்கும். அவற்றை ஆவிகள் என்று கொண்டாடுவோரும் உளர். அவை மையக் கணக்குக்குக் கட்டுப்படா. ஆனால் துளி மிதந்து நகர்வதால், அதே இடத்திலிருந்து எடுத்த அடுத்த படத்தில் வேறிடத்தில் நிற்கும். இரண்டு படங்களையும் பொருத்தி, ஒவ்வோர் இடத்திலும் இருண்டதை மட்டும் வைத்துக்கொண்டால் வட்டங்கள் போய்விடும். அகல் சுடர்களை மட்டும் அதிலிருந்து ஒதுக்கிவையுங்கள். காற்றில் ஆடும் சுடர் இரண்டு படங்களில் ஒரே இடத்தில் நிற்பதில்லை, இருண்டதைத் தெரிந்தால் பாதிச் சுடரே மிஞ்சும்.

இதெல்லாம் வீட்டு ஆல்பத்துக்கு. செய்திப் படத்துக்கு இதையும் செய்யக்கூடாது என்பது என் வாதம். 2006இல் பெய்ரூட் புகையைப் பிரதியெடுத்துப் பெருக்கிய அட்னான் ஹஜ்ஜின் 920 படங்களையும் ராய்ட்டர்ஸ் விலக்கிக்கொண்டது. 2014இல், சிரியப் படமொன்றின் மூலையிலிருந்த சக ஊழியரின் வீடியோக் கமராவை மண்ணால் மூடியதற்காக நார்சிசோ கொன்ட்ரேராஸுடனான உறவை ஏபி நிறுவனம் முறித்தது. முந்தைய ஆண்டு புலிட்சர் பரிசு பெற்ற குழுவில் அவரும் ஒருவர். கண்ணின் செம்புள்ளியை நீக்குவதைக்கூட ஏபி தன் படங்களில் அனுமதிப்பதில்லை. கடுமை மிகை என்று நானும் ஒரு காலத்தில் எண்ணியதுண்டு. ஆனால் இன்று எது பொய்ப்புள்ளி என்று தீர்மானிக்கும் உரிமையை, வட்டகொடையைக் கண்டிராத ஒருவரிடம், இரவு பதினொரு மணிக்குக் கொடுத்திருக்கிறோம். படம் அப்படியே வரட்டும். "பச்சைப் புள்ளிகள் லென்ஸின் பிரதிபலிப்பு" என்று கீழே ஒரு வரி போட இடமில்லையா? புள்ளி விழாமலிருக்க வேண்டுமானால் அது படமெடுப்பவன் வேலை. கமராவைச் சற்றே திருப்பினால் பொய்வெளிச்சம் எதிர்த்திசையில் நகர்ந்து வெற்று வானத்துக்குப் போய்விடும். நான் அதைச் செய்யத் தவறினேன்.

திருத்தம் ஏழாம் பக்கத்தில் இரண்டு வரியில் வந்தது. "தொழில்நுட்பக் கோளாறு" என்றிருந்தார்கள். தீண்டப்படாத படத்தின் அச்சுப்பிரதிகளை அந்த இரண்டு காம்பராக்களுக்கும் சென்ற வாரம் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூலக் கோப்பை ஒப்பிட்டுப் பார்க்க விரும்புவோர் மின்னஞ்சல் அனுப்புங்கள், அனுப்பிவைக்கிறேன்.