இருப்பு அறிக்கை இல்லையேல் சரக்கு இல்லை: இந்த நிபந்தனை நியாயமானதா?

பெங்களூருவில் பீன்யா தொழிற்பேட்டையின் சிறு உற்பத்தியாளர்களும், எஸ்.பி. சாலையில் அவர்களின் பொருள்களை வாங்கி விற்கும் மறுவிற்பனையாளர்களும் எங்கள் வாடிக்கையாளர்களாக இருக்கின்றனர். அண்மைக் காலமாக இரு தரப்பினரும் ஒரே கேள்வியோடு எங்களிடம் வருகின்றனர். "மாதந்தோறும் இருப்பு, விற்பனை விவரம் அனுப்பாவிட்டால் இனிச் சரக்கு தர மாட்டோம்" என்று உற்பத்தியாளர் ஒப்பந்தத்தில் எழுதலாமா? எழுதலாம் என்பதே எங்கள் கருத்து. ஆனால் அந்த அறிக்கையில் எவற்றைக் கேட்கக் கூடாது என்பதும் அதே ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும்.

முதலில், உற்பத்தியாளருக்கு இந்த விவரம் எதற்கு? தாம் மறுவிற்பனையாளருக்கு அனுப்பிய சரக்கின் அளவு அவருக்குத் தெரியும். கடையிலிருந்து பயனாளருக்குப் போன சரக்கின் அளவு தெரியாது. முன்னதை அவர் விற்பனை என்று எழுதுகிறார். உண்மையான தேவையைக் காட்டுவது பின்னதுதான்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். மின்னழுத்த ஸ்டெபிலைசர் தயாரிக்கும் ஒருவர், ஒரு கடைக்கு ஏப்ரலில் 120, மே மாதத்தில் 150, ஜூனில் 200 என்று அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய கணக்குப் புத்தகத்தில் விற்பனை ஏறுமுகம். அதை நம்பிக் கூடுதலாகச் செம்புக் கம்பி வாங்குகிறார். அதற்காக எங்களிடம் கடன் வரம்பை உயர்த்தக் கேட்கிறார்.

இப்போது கடையின் கணக்கைப் பார்ப்போம். ஏப்ரல் தொடக்கத்தில் இருப்பு 100, வரவு 120, விற்றது 80, முடிவு இருப்பு 140. மே மாதத்தில் வரவு 150, விற்றது 70, இருப்பு 220. ஜூனில் வரவு 200, விற்றது 75, இருப்பு 345. மாதத்திற்கு 75 விற்கும் கடையில் நாலரை மாதங்களுக்கும் மேலான சரக்கு தேங்கிவிட்டது. காலாண்டு முடிவில் அறிவித்த சலுகைக்காகக் கடைக்காரர் வாங்கி அடுக்கியதுதான் அந்த 200. ஜூலையில் அவர் எதுவும் கேட்க மாட்டார். மாத அறிக்கைகள் கையில் இருந்திருந்தால், மே மாத அறிக்கையிலேயே உற்பத்தியாளருக்கு இது தெரிந்திருக்கும்.

இந்தத் தவறு பெரிய நிறுவனங்களுக்கும் புதிதன்று. பிரிஸ்டல்-மையர்ஸ் ஸ்குவிப் என்ற அமெரிக்க மருந்து நிறுவனம், 2000, 2001 ஆம் ஆண்டுகளில் தேவைக்கு மேல் மொத்த வணிகர்களிடம் சரக்கைத் தள்ளி, அதை விற்பனையாகக் காட்டியது என்ற குற்றச்சாட்டில், 2004 ஆகஸ்டில் அந்நாட்டுப் பங்குச் சந்தை ஆணையத்துடன் 15 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. அதன்பின் அமெரிக்க மருந்து வணிகத்தில், மொத்த வணிகர்கள் தங்கள் கையிருப்பு விவரத்தை உற்பத்தியாளருக்குத் தரும் ஒப்பந்தங்கள் வழக்கமாயின.

மறுவிற்பனையாளர் தயங்குவதற்கும் காரணம் உண்டு. "என் வாடிக்கையாளர் யார் என்று தெரிந்தால், நாளை நிறுவனமே நேரடியாக அவரிடம் போய்விடும்" என்பது அவருடைய அச்சம். அந்த அச்சம் நியாயமானதே. ஆகவே அறிக்கையில் வாங்கியவரின் பெயர், தொலைபேசி எண் ஆகியவற்றுக்கு இடமிருக்கக் கூடாது. எந்த மாடல், எத்தனை, எந்தப் பகுதியின் அஞ்சல் குறியீட்டு எண் என்ற அளவு போதும்.

விற்ற விலையையும் கேட்க வேண்டியதில்லை. அந்த விவரம் கைக்கு வந்தால், குறைத்து விற்பவரைத் தண்டிக்கும் ஆசையும் உடன் வரும். விற்பனையாளர்கள் தரும் தள்ளுபடிக்கு உச்சவரம்பு விதித்ததற்காக மாருதி சுசூகி நிறுவனத்திற்கு இந்தியப் போட்டி ஆணையம் 2021 ஆகஸ்டில் ரூ.200 கோடி அபராதம் விதித்தது. நிறுவனம் அதை எதிர்த்து மேல்முறையீடு செய்தது. அறிக்கை கேட்பது வேறு, மறுவிற்பனை விலையைக் கட்டுப்படுத்துவது வேறு. விலைக்கான கட்டத்தையே அறிக்கையில் சேர்க்காதிருப்பது இரு தரப்பினருக்கும் பாதுகாப்பு.

அடுத்தது, வந்த அறிக்கை உண்மையானதா என்பது. கடன் கணக்குகளுக்காக நாங்கள் பார்க்கும் இருப்பு அறிக்கைகளில் சில அடையாளங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. சென்ற மாத முடிவு இருப்பும் இம்மாதத் தொடக்க இருப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் இடையில் ஏதோ விடுபட்டிருக்கிறது. ஒவ்வொரு மாதமும் விற்பனை சரியாக வரவுக்குச் சமமாக இருந்தால், எழுதியவர் கிடங்கிற்குப் போகவில்லை; இன்வாய்ஸைப் பார்த்து எழுதியிருக்கிறார். அதே வேளையில், எல்லா வேறுபாடும் பொய்யன்று. 30 ஆம் தேதி இன்வாய்ஸ் போட்ட சரக்கு 3 ஆம் தேதி கடைக்கு வந்து சேரும். 'வழியில் உள்ள சரக்கு' என்று தனி வரி ஒன்று இருந்தால் பாதிச் சச்சரவு தீரும். ஐயம் மிஞ்சினால், ஸ்டெபிலைசர் போன்ற பொருள்களில் வாரண்டிப் பதிவுக்கு வரும் வரிசை எண்களை அறிக்கையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இங்கே வங்கிக்கும் ஓர் அக்கறை உண்டு. கேஷ் கிரெடிட் வைத்திருக்கும் மறுவிற்பனையாளர் எங்களுக்கும் மாதந்தோறும் இருப்பு அறிக்கை தருகிறார். மேலே கண்ட 345 ஸ்டெபிலைசர்களின் அடக்க விலை தலா ரூ.3,000 என்றால், இருப்பு ரூ.10,35,000. அதில் இன்னும் பணம் கட்டாத சரக்கு ரூ.2,35,000 என்றால், அதைக் கழித்து மீதி ரூ.8 லட்சம். 25 விழுக்காடு மார்ஜின் போக, அவர் எடுக்கக்கூடிய தொகை ரூ.6 லட்சம். வங்கிக்கு இருப்பைக் கூட்டிக் காட்டினால் அதிகப் பணம் எடுக்கலாம். உற்பத்தியாளருக்குக் குறைத்துக் காட்டினால் அடுத்த சலுகைக்குச் சரக்கு கிடைக்கும். இந்த இரண்டு ஆசைகளையும் தடுக்க எளிய வழி, ஒரே தாளை இருவருக்கும் அனுப்புவதுதான். மறுவிற்பனையாளருக்கும் அதில் வேலை மிச்சம்.

அறிக்கை தாமதித்தால் என்ன ஆகும் என்பதில் வங்கியின் விதி ஒரு பாடம் தருகிறது. மூன்று மாதத்திற்கு மேல் பழைய இருப்பு அறிக்கையை வைத்துப் பணம் எடுத்தால், அந்தக் கணக்கு ஒழுங்கற்றது என்று ரிசர்வ் வங்கி கருதுகிறது. அந்நிலை தொடர்ந்து 90 நாள் நீடித்தால், வியாபாரம் நன்றாக நடந்தாலும் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். விதி கடுமையானது, ஆயினும் படிப்படியானது. உற்பத்தியாளரின் நிபந்தனையும் அப்படியே இருக்க வேண்டும். 7 ஆம் தேதிக்குள் அறிக்கை வராவிட்டால் நினைவூட்டல். இரண்டாம் மாதமும் வராவிட்டால் கடனுக்குச் சரக்கு இல்லை, ரொக்கத்திற்கு மட்டும். மூன்றாம் மாதம் புதிய ஆர்டர் நிறுத்தம். ஏற்கெனவே ஏற்றுக்கொண்ட ஆர்டரையும், வாரண்டிக்கான உதிரி பாகங்களையும் நிறுத்தக் கூடாது. அவற்றை நிறுத்தினால் தண்டனை பயனாளருக்குப் போய்ச் சேரும்.

இறுதியாக ஒன்று. விவரம் பெறுபவர் பதிலுக்கு ஏதேனும் தர வேண்டும். புதிய மாடல் வரும்போது பழைய மாடலின் விலையை உற்பத்தியாளர் குறைத்தால், அறிக்கையில் உள்ள இருப்பின் அளவுக்கு வித்தியாசத் தொகையை ஈடு செய்யலாம். ஆறு மாதமாக நகராத சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அறிக்கையில் காட்டிய சரக்குக்கு மட்டுமே இந்த ஈடு என்று ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால், அறிக்கையைச் சரியாக அனுப்புவது மறுவிற்பனையாளரின் சொந்த நலனாகிவிடும். இத்தகைய வாசகம் இல்லாத ஒப்பந்தம் உங்கள் கைக்கு வந்தால், கையெழுத்திடுவதற்கு முன் அதைக் கேட்டு வாங்குங்கள்.