இரண்டு வட்டியும் இருபத்து நான்கு விழுக்காடும்

எங்கள் தெருவில் தையற்கடை நடத்தும் பெண்மணி ஒருவர் சென்ற மாதம் ஒரு கடனுறுதிச் சீட்டின் நகலுடன் என்னைப் பார்க்க வந்தார். வங்கியில் முப்பது ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்பதால் இத்தகைய தாள்கள் அவ்வப்போது என்னிடம் வருவதுண்டு. சீட்டில், ரூ.1,00,000 பெற்றுக்கொண்டதாகவும், அதற்கு ஆண்டொன்றுக்கு நூற்றுக்கு ரூ.24 வட்டி தருவதாகவும் எழுதப்பட்டிருந்தது. கடன் கொடுத்தவர் வாய்மொழியாகச் சொன்னது 'இரண்டு வட்டி'. அதாவது, நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய். "ரெண்டும் ஒண்ணுதானே சார், அப்புறம் ஏன் கடன் குறையவே மாட்டேங்குது?" என்பதே அவருடைய கேள்வி.

இரண்டைப் பன்னிரண்டால் பெருக்கினால் இருபத்து நான்கு. பெருக்கலில் பிழையில்லை. அசலை முழுவதும் கையில் வைத்துக்கொண்டு, மாதந்தோறும் ரூ.2,000 வட்டி மட்டும் செலுத்தி, ஆண்டு முடிவில் ஒரு லட்சத்தைத் திருப்பித் தருவதானால் மாதக் கணக்கும் ஆண்டுக் கணக்கும் ஒத்துப்போகும். ஆனால், அவர் கடனை அடைத்த விதம் வேறு. பத்து மாத வட்டி ரூ.20,000-ஐ அசலுடன் முதலிலேயே கூட்டி, வந்த ரூ.1,20,000-ஐப் பத்தாக வகுத்து, மாதம் ரூ.12,000 தவணை என்று முடிவு செய்திருந்தார்கள். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

ஒவ்வொரு தவணையிலும் அசலில் ஒரு பகுதி கொடுத்தவரிடமே திரும்பிச் செல்கிறது. அப்படியிருக்க, பத்தாவது மாதத்திலும் முழு ஒரு லட்சத்துக்கு வட்டி கணக்கிடுவது, தன் கையில் இல்லாத பணத்துக்கு அவரை வட்டி கட்ட வைப்பதாகும். சீட்டில் எழுதிய 24 விழுக்காட்டை நிலுவையில் உள்ள அசலுக்கு மட்டும் கணக்கிட்டால் என்னவாகும் என்று அவர் முன்னிலையிலேயே ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் காட்டினேன்.

முதல் மாதம் ஒரு லட்சத்துக்கு வட்டி ரூ.2,000. செலுத்திய ரூ.12,000-இல் அது போக, ரூ.10,000 அசலில் கழிகிறது; நிலுவை ரூ.90,000. இரண்டாம் மாத வட்டி ரூ.1,800 மட்டுமே, ரூ.10,200 அசலில் கழிய, நிலுவை ரூ.79,800. இப்படியே ஏழு தவணைகள் எழுதி முடித்தபோது நிலுவை ரூ.25,657 என்று வந்தது. அவர் அதுவரை கட்டியிருந்ததும் ஏழு தவணைகள்தான். மீதத்தை ஒரே தொகையாகக் கொடுத்துக் கணக்கை முடித்துவிடலாமா என்று கேட்டதற்கு, கடன் கொடுத்தவர் மூன்று தவணைகளுக்கான ரூ.36,000-ஐயும் கேட்டிருக்கிறார். சீட்டின்படியான கணக்குக்கும் அவர் கேட்ட தொகைக்கும் உள்ள வேறுபாடு ரூ.10,343. ஒரு தையல்காரருக்கு அது சிறிய தொகையன்று.

கணக்கை மேலும் நீட்டினால் பத்தாவது மாதம் அவர் தரவேண்டியது ரூ.12,000 அல்ல, ஏறத்தாழ ரூ.2,500 மட்டுமே. மொத்த வட்டியும் ரூ.20,000 அல்ல, சுமார் ரூ.10,500.

அப்படியானால் உண்மையான வட்டி வீதம் எவ்வளவு? அதே நோட்டில், இரண்டு விழுக்காட்டுக்குப் பதிலாக வேறொரு வீதத்தை வைத்துத் திரும்ப எழுதிப் பார்க்க வேண்டும். பத்தாவது தவணையுடன் நிலுவை எந்த வீதத்தில் பூஜ்யமாகிறதோ அதுவே உண்மையான மாத வட்டி. இந்தக் கடனுக்கு அது மூன்றரை விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு; ஆண்டுக்கு 41 விழுக்காட்டுக்கும் மேல்.

இத்துடன் முடியவில்லை. பணம் தரும்போதே 'பத்திரச் செலவு' என்று ரூ.3,000 பிடித்துக்கொண்டதால் அவர் கைக்கு வந்தது ரூ.97,000 மட்டுமே. ஆகவே, கணக்கை ஒரு லட்சத்தில் அல்ல, ரூ.97,000-இல் தொடங்க வேண்டும். அப்போது மாத வட்டி நான்கு விழுக்காட்டைத் தாண்டுகிறது. ஆண்டு வட்டி 49-ஐ நெருங்குகிறது. தாளில் எழுதியதைப் போல இரு மடங்கு! கணினியில் விரிதாள் பயன்படுத்தத் தெரிந்தவர்கள் `=RATE(10,-12000,97000)*12` என்று தட்டினால் ஏறத்தாழ 0.488 என்று விடை வரும். முதல் எண் தவணைகள், இரண்டாவது தவணைத் தொகை, மூன்றாவது கைக்கு வந்த பணம். மூன்றாவது இடத்தில் சீட்டில் உள்ள தொகையை இட்டால் விடை ஏமாற்றிவிடும்.

இன்னொரு வழியிலும் இரண்டும் இருபத்து நான்கும் பிரிந்துபோகும். கட்டத் தவறிய மாத வட்டியை அசலில் சேர்த்து, அதற்கும் வட்டி போட்டால் ஓராண்டில் அது 26.82 விழுக்காடாகிறது. அடுத்த மாதம் கேட்கும் வட்டி ரூ.2,000-ஆ, ரூ.2,040-ஆ என்று பார்த்தாலே இதைக் கண்டுகொள்ளலாம்.

சட்டம் இதில் எங்கே நிற்கிறது? கடனுறுதிச் சீட்டில் வட்டி வீதம் குறிக்கப்பட்டிருந்தால் அந்த வீதத்திலேயே வட்டி கணக்கிடப்பட வேண்டும் என்கிறது 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம். வீதமே குறிக்கப்படாவிட்டால் ஆண்டுக்கு 18 விழுக்காடு. எனவே, வட்டிக்கான இடத்தை வெற்றாக விட்டுக் கையெழுத்திடுவது ஆபத்து. அந்த இடத்தைப் பின்னர் நிரப்பப்போவது கடன் கொடுத்தவரின் பேனா. தமிழகத்தில் 2003-ஆம் ஆண்டின் அதீத வட்டி வசூல் தடைச் சட்டம் கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைப் பெயர் சொல்லியே தடை செய்கிறது. அரசு நிர்ணயித்த உச்ச வரம்புக்கு 24 விழுக்காடே உட்பட்டதா என்பது தனிக் கேள்வி. ஆனால், தாளில் 24 என்றும் நடைமுறையில் 49 என்றும் இருக்கும்போது அந்த வரம்பை எந்த எண்ணோடு ஒப்பிடுவது என்பதே மறைக்கப்பட்டுவிடுகிறது.

வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தனிநபர்களுக்குக் கடன் தரும்போது கட்டணங்களையும் சேர்த்துக் கணக்கிட்ட ஆண்டு வீதத்தை ஒரு விவரத்தாளில் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அது 2024 அக்டோபர் முதல் நடைமுறையில் இருக்கிறது. தெருமுனையில் கடன் கொடுப்பவரை அந்த விதி கட்டுப்படுத்தாது. அவருக்கு உரிமம் வழங்குவது மாநில அரசு. அடாவடி வசூலைத் தண்டிப்பது தேவைதான். ஆனால் அது கடன் முற்றிய பிறகு வரும் மருந்து. கைக்குக் கொடுத்த தொகை, தவணைத் தொகை, தவணைகளின் எண்ணிக்கை, அவற்றிலிருந்து கிடைக்கும் ஆண்டு வீதம் ஆகிய நான்கையும் ஒரே தாளில் எழுதித் தருவதை உரிமத்தின் நிபந்தனையாக்க அரசுக்குப் பெரிய செலவு ஏதுமில்லை.

அதுவரை, செலுத்தும் ஒவ்வொரு தொகைக்கும் சான்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. அந்தப் பெண்மணி முதல் இரண்டு தவணைகளை ரொக்கமாகக் கொடுத்திருக்கிறார். ரசீதும் இல்லை, சீட்டின் பின்புறம் வரவும் எழுதப்படவில்லை. மற்ற ஐந்தும் கைப்பேசி வழியாகச் சென்றதால் வங்கிக் கணக்கில் பதிவாகியுள்ளன. நாங்கள் எழுதிய கணக்கை எடுத்துக்கொண்டு அவர் இப்போது மாவட்ட இலவசச் சட்ட உதவி மையத்துக்குச் சென்றிருக்கிறார். கணக்குச் சரியானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால், ரொக்கமாகக் கொடுத்த அந்த ரூ.24,000-ஐ எப்படி நிரூபிப்பது என்பதற்கு அந்த நோட்டில் விடையில்லை.