முப்பத்தைந்தாம் ஆண்டின் ரூபாய்

2008ஆம் ஆண்டு ஐதராபாத் மெட்ரோ ரயில் திட்டத்திற்கான ஏலம் திறக்கப்பட்டபோது, அன்றைய ஆந்திர ஆட்சியாளர்களின் மகிழ்ச்சிக்கு அளவே இல்லை. மற்ற நிறுவனங்கள் அரசிடம் மானியம் கேட்டு நின்றன. மேதாஸ் நிறுவனத்தின் தலைமையிலான கூட்டு மட்டும் ஒரு காசு மானியமும் வேண்டாம் என்றது. அதற்கு மேலும் சென்று, ஒப்பந்தக் காலம் முழுவதிலும் சேர்த்து 30,311 கோடி ரூபாயை அரசுக்குத் தாமே செலுத்துவதாகவும் அறிவித்தது. சுமார் 12,000 கோடி மதிப்பிலான திட்டம். அதைக் கட்டிக்கொடுத்து, ஓட்டி, அதன் மேல் இரண்டரை மடங்குத் தொகையை அரசுக்கும் தருகிறார்களாம். தனியார் மூலதனத்தின் திறமைக்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று முழங்கினார்கள்.

டெல்லி மெட்ரோவைக் கட்டி முடித்த பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் அப்போது திட்டக் குழுவுக்கு எழுதிய கடிதத்தில், இதில் ரயிலைவிட நிலமே முக்கியமாக இருக்கிறது என்று எச்சரித்தார். திட்டத்துடன் 296 ஏக்கர் அரசு நிலம் வணிகப் பயன்பாட்டுக்காக நிறுவனத்தின் கைக்குப் போகவிருந்தது. அவர் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று மாநில அரசு சீறியதே தவிர, அவர் எழுப்பிய கேள்விக்கு விடை சொல்லவில்லை.

அந்த விடை ஒரு கணக்கில் இருக்கிறது. நீண்டகாலத் திட்டம் ஒன்றில் இறங்கலாமா, வேண்டாமா என்பதை எந்த நிறுவனமும் ஊகத்தால் முடிவு செய்வதில்லை. அது போடுவது நிகர நிகழ்கால மதிப்புக் கணக்கு. முதலாளித்துவத்தின் இயக்குநர் குழுக் கூட்டங்களில் அன்றாடம் புழங்கும் இக்கணக்கைத் தொழிலாளர் இயக்கம் அறியாமல் இருப்பதற்கு நியாயம் எதுவும் இல்லை. அதில் கடினமும் ஒன்றுமில்லை. வட்டிக் கணக்கைத் தலைகீழாகப் போடுவதுதான்.

நூறு ரூபாயை 12 சதவீத வட்டிக்கு விட்டால் ஓராண்டில் 112 ஆகிறது. அப்படியானால் அடுத்த ஆண்டு கைக்கு வரும் 112 ரூபாய், மூலதனக்காரரின் பார்வையில் இன்றைய நூறு ரூபாய்க்குச் சமம். அடுத்த ஆண்டு வரும் ஒரு ரூபாயின் இன்றைய மதிப்பு 89 காசு. பத்தாம் ஆண்டு வரும் ரூபாய்க்கு 32 காசு. முப்பத்தைந்தாம் ஆண்டு வரும் ரூபாய்க்கு, ஏறத்தாழ 2 காசு. திட்டத்தின் ஆயுளில் ஒவ்வோர் ஆண்டும் வரக்கூடிய உபரியை இவ்வாறு இன்றைய மதிப்புக்குச் சுருக்கிக் கூட்ட வேண்டும். போடும் முதலீட்டை அதிலிருந்து கழிக்க வேண்டும். மிஞ்சுவது பூச்சியத்துக்கு மேல் என்றால் நிறுவனம் இறங்கும். கீழே என்றால் இறங்காது. எதிர்கால வருமானத்தை வட்டி விகிதத்தால் வகுத்து அதற்கு மூலதனம் என்று பெயர் சூட்டும் இந்த வித்தையை மார்க்ஸ் ‘மூலதனம்’ மூன்றாம் தொகுதியின் 29ஆம் அத்தியாயத்தில், கற்பனை மூலதனத்தை விவரிக்கும் இடத்தில் ஏற்கெனவே எடுத்துக்காட்டியிருக்கிறார்.

எண்களைக் கொண்டு பார்த்தால் விஷயம் தெளிவாகும். இவை விளக்கத்திற்காக எடுத்துக்கொண்ட எண்களே. மேதாஸின் கணக்கேடு அல்ல. ஒரு மெட்ரோவுக்கு இன்று 12,000 கோடி செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். கட்டுமானக் காலத்தை எளிமைக்காக விட்டுவிடுவோம். பயணக் கட்டணத்திலிருந்து ஓட்டும் செலவு போக ஆண்டுக்கு 1,000 கோடி வீதம் 35 ஆண்டுகள் மிஞ்சுகிறது. வெறுமனே கூட்டினால் 35,000 கோடி. ஆனால் 12 சதவீதத்தில் சுருக்கினால் அது 8,176 கோடிதான். முதலீட்டைக் கழித்தால் 3,824 கோடி பற்றாக்குறை. இத்திட்டம் லாபகரமானதல்ல என்று நிறுவனம் கோப்பை மூடிவிடும்.

அதே ரயில், அதே பயணிகள், அதே கட்டணம். விகிதத்தை மட்டும் 6 சதவீதம் என்று மாற்றுங்கள். 35 ஆண்டு உபரியின் இன்றைய மதிப்பு 14,498 கோடியாகிறது; முதலீடு போக 2,498 கோடி மிஞ்சுகிறது. இப்போது திட்டம் கட்டத் தகுந்தது! தண்டவாளத்தில் ஓர் அங்குலமும் மாறவில்லை. மாறியது மூலதனம் கேட்கும் கூலி மட்டுமே. ‘வணிக ரீதியாகச் சாத்தியமில்லை’ என்ற சொற்றொடரை இயற்கை விதி போல உச்சரிக்கும் அதிகாரிகளும் தலையங்கக்காரர்களும், எந்த விகிதத்தில் சாத்தியமில்லை என்பதைச் சொல்வதே இல்லை.

அந்த 12 எங்கிருந்து வருகிறது? முதலீட்டில் 70 பங்கு வங்கிக் கடன், அதற்கு 10 சதவீத வட்டி. 30 பங்கு பங்குதாரர் பணம், அதற்கு அவர்கள் எதிர்பார்ப்பது 16 சதவீதம் என்றால், இரண்டின் எடைச் சராசரி 11.8. பங்குதாரரின் எதிர்பார்ப்பு ஏறினால் விகிதம் ஏறும். திட்டம் ‘சாத்தியமற்றது’ ஆகும். மத்திய அரசும் டெல்லி அரசும் சரிபாதிப் பங்கு வைத்து, ஜப்பானியக் குறைந்த வட்டிக் கடனில் கட்டிய டெல்லி மெட்ரோவுக்கு இந்த 16 சதவீதச் சுமை கிடையாது. பொதுத்துறை கட்டினால் முடிவதும் தனியார் கட்டினால் முடியாததும் ஏன் என்பதற்கு, ஊழியரின் சுறுசுறுப்பைப் பற்றிய உபதேசங்களைவிட இந்த ஒரு எண் அதிகம் விளக்குகிறது.

இந்தக் கணக்கிற்கு இன்னொரு குணம் உண்டு. ஏலத்தின் மர்மம் அதில்தான் இருக்கிறது. 12 சதவீதத்தில் முதல் பத்தாண்டு உபரியின் மதிப்பு 5,650 கோடி. எஞ்சிய 25 ஆண்டுகள் அனைத்தும் சேர்ந்து 2,526 கோடிதான். ஆகவே நிறுவனத்திற்குத் தேவை சீக்கிரம் வரும் பணம். டிக்கெட் பணம் மெதுவாக, சொட்டுச் சொட்டாக வருவது. நிலம் அப்படியல்ல. மேற்சொன்ன திட்டத்துடன் நகரின் நடுவே அரசு நிலமும் கிடைக்கிறது, அதை நீண்டகாலக் குத்தகைக்கு விட்டு மூன்றாம் ஆண்டு 2,500 கோடியும் ஐந்தாம் ஆண்டு 4,000 கோடியும் முன்பணமாக வருகிறது என்று கொள்வோம். இவற்றின் இன்றைய மதிப்பு 4,049 கோடி. 3,824 கோடிப் பள்ளம் நிரம்பி, 225 கோடி மேலே நிற்கிறது. ரயில் நட்டத்திலேயே ஓடுகிறது. நிலம் அதை லாபமாக்கிவிட்டது.

இனி வள்ளன்மையின் கட்டம். அதே நிறுவனம், முப்பத்தைந்தாம் ஆண்டு முடிவில் அரசுக்கு 10,000 கோடி தருவதாக ஏலத்தில் எழுதுகிறது. நாளேடுகளில் கொட்டை எழுத்தில் வரத்தக்க தொகை. நிறுவனத்தின் கணக்கேட்டில் அதன் இன்றைய எடை 189 கோடி! 225 கோடியிலிருந்து அதைக் கழித்தாலும் 36 கோடி மிஞ்சுகிறது. நிறுவனம் துணிந்து கையெழுத்திடலாம். அரசு இன்று தருவது நிலம். பெறுவது இன்னும் பிறக்காத ஆட்சிக்கு எழுதிய காசோலை. 30,311 கோடியையே ஒரே தவணையாக 35ஆம் ஆண்டில் செலுத்துவதாக வைத்துப் பார்த்தாலும் அதன் இன்றைய மதிப்பு 600 கோடியைத் தொடாது. ஆண்டுதோறும் சம தவணையாகச் செலுத்தினால் 7,000 கோடியைத் தாண்டும். எனவே எந்த ஏலத்திலும் கேட்க வேண்டியது மொத்தத் தொகை எவ்வளவு என்பதல்ல. எந்த ஆண்டு எவ்வளவு என்பதே. தவணை அட்டவணையை வெளியிடாமல் கூட்டுத்தொகையை மட்டும் பறைசாற்றும் அமைச்சர், தெரியாமல் பேசுகிறார் அல்லது தெரிந்தே பேசுகிறார்.

மேதாஸின் கதை விரைவில் முடிந்தது. 2008 டிசம்பரில் சத்யம் நிறுவனத்தின் பணத்தைக் கொண்டு மேதாஸ் நிறுவனங்களை வாங்க ராமலிங்க ராஜு முயன்றார். முதலீட்டாளர் எதிர்ப்பால் அது நின்றது. 2009 ஜனவரி 7 அன்று சத்யம் கணக்குகளில் செய்த மோசடியை அவரே ஒப்புக்கொண்டார். மெட்ரோவுக்கு நிதி திரட்ட முடியாத மேதாஸின் ஒப்பந்தத்தை 2009 ஜூலையில் அரசு ரத்து செய்தது. அரசுக்கு 30,311 கோடி தருவதாகச் சொல்லப்பட்ட அதே திட்டத்தை 2010இல் லார்சன் அண்ட் டூப்ரோ எடுத்தபோது, அரசு அந்நிறுவனத்திற்கு 1,458 கோடி மானியம் ஒதுக்கியது. நிலம் இம்முறையும் உண்டு.

இரண்டாவது நிறுவனம் மோசடிக்காரர் அல்ல, உண்மையிலேயே கட்டியது. அப்படியும் கணக்கு பொய்த்தது என்பதைக் கவனிக்க வேண்டும். இக்கணக்கில் ஒரு கோடு தாமதமானால் அடி பலமாக விழும். மேலே கண்ட எடுத்துக்காட்டில், முதலீடு போட்டபின் உபரி ஓராண்டு தள்ளி வரத் தொடங்கினாலே மதிப்பில் 876 கோடி கரைந்துவிடும். ஐதராபாத்தின் முதல் ரயில் 2017 நவம்பரில்தான் ஓடியது. ஜூபிலி பேருந்து நிலையத்திலிருந்து செல்லும் தடம் 2020 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே பெருந்தொற்று வண்டிகளை நிறுத்தியது. பயணிகள் எண்ணிக்கை குறித்த முன்கணிப்பும் எட்டப்படவில்லை. முன்கணிப்பு உயர்ந்தால்தான் திட்டம் ‘சாத்தியம்’ ஆகும் என்னும்போது, அதை எழுதும் ஆலோசகரின் பேனா எந்தப் பக்கம் சாயும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் பங்குதாரரின் 16 சதவீத எதிர்பார்ப்பு ஆபத்தைச் சுமப்பதற்கான கூலி என்றல்லவா பாடப்புத்தகம் சொல்கிறது? ஆபத்து வந்தபோது என்ன நடந்தது? 2025 செப்டம்பரில் தெலங்கானா அரசு முதல் கட்டத் திட்டத்தைத் தானே ஏற்க முன்வந்தது. ஏறத்தாழ 13,000 கோடிக் கடனும் அத்துடன் அரசின் தோளுக்கு வருகிறது.

மெட்ரோவே வேண்டாம் என்று இதைப் படித்து எவரும் முடிவுக்கு வந்தால் அது பிழை. நிறுவனத்தின் அட்டவணையில் இடம்பெறுவது நிறுவனத்தின் கல்லாவுக்கு வரும் பணம் மட்டுமே. நாள்தோறும் ஒரு மணி நேரம் மிச்சமாகும் வேலைக்காரப் பெண்ணின் நேரம் அதில் இல்லை. குறையும் புகையும் விபத்துகளும் இல்லை. இவற்றையும் சேர்த்துப் போடும் பொருளாதாரக் கணக்கு வேறு. 2017ஆம் ஆண்டின் தேசிய மெட்ரோ ரயில் கொள்கை இதை ஏற்றுக்கொண்டது போலத் தோன்றும்: 8 சதவீத நிதி வருவாய் என்ற பழைய அளவுகோலை விட்டு, சமூகப் பலன்களையும் சேர்த்து 14 சதவீதப் பொருளாதார வருவாய் என்ற அளவுகோலை வைத்தது. அதே கொள்கைதான், மத்திய அரசின் நிதி உதவி வேண்டுமெனில் தனியார் பங்கேற்பு ஏதேனும் ஒரு வடிவில் கட்டாயம் என்றும் விதித்தது. பலனை மக்களின் கணக்கில் அளந்து திட்டத்தை அனுமதிப்பார்களாம். அனுமதித்த பின் அதன் ஒரு பகுதியை, பங்குதாரரின் விகிதத்தில் கணக்குப் போடுபவரிடம் ஒப்படைப்பார்களாம்.

அடுத்து எந்த நகரில் இத்தகைய ஒப்பந்தம் மேசைக்கு வந்தாலும், தொழிற்சங்கங்களும் உள்ளாட்சி உறுப்பினர்களும் கேட்டு வாங்க வேண்டிய காகிதம் ஒன்றே: ஆண்டுவாரியான வரவு செலவு அட்டவணை. அதில் நிலத்திலிருந்து வரும் வரவு தனி வரிசையில் இருக்க வேண்டும்; கழிவு விகிதம் எத்தனை என்று மேலே எழுதியிருக்க வேண்டும். நில வரிசையை அழித்துவிட்டு மீண்டும் கூட்டிப் பார்த்தால், நிறுவனம் ரயில் ஓட்ட வருகிறதா, மனை விற்க வருகிறதா என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். வணிக ரகசியம் என்று அதைத் தர மறுத்தால், ஒப்படைக்கப்படும் ஒவ்வோர் ஏக்கரும் பொதுச்சொத்து என்பதை அடிப்படையாக வைத்து அந்த மறுப்பையே சட்டமன்றத்திலும் தெருவிலும் கேள்விக்கு உட்படுத்தலாம்.