ஒரு பக்கச் சீட்டு

அண்ணன் மகளுக்கு ஆபீஸில் 20 நிமிடப் பேச்சு, 18 ஸ்லைடுகள். பார்த்துப் படிக்காமல் பேச ஆசை. கையில் வைத்துக்கொள்ள 18 தலைப்புகளையும் ஒரே தாளில் எழுதி வந்தாள்.

"தலைப்புதான் திரையிலேயே தெரியுமேம்மா, இது எதற்கு?" என்றேன்.

மேடையில் மறந்துபோவது தலைப்பல்ல, ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போகும் வாக்கியம்தான் என்பது என் கட்சி. ஸ்லைடுகளை ஐந்து கட்டாகப் பிரித்தோம். கட்டுக்கு ஒரு வரி: "செலவு ஏறியது. ஏன்? டீசல்." ஓரத்தில் ஸ்லைடு எண்ணும், அந்தக் கட்டை முடிக்க வேண்டிய நிமிடமும். தப்பாகச் சொல்லக்கூடாத தொகைகள், முதல் வாக்கியம், கடைசி வாக்கியம் மட்டும் முழுசாக.

ஒத்திகையில் மூன்றாவது வரியில் தயங்கி நின்று சீட்டையே பார்த்தாள். அங்கே விளக்கம் சேர்க்கவில்லை. அவள் வாயில் இயல்பாக வந்த சொல்லையே எழுதினோம். அடுத்த முறை பார்வை தாளில் நிற்கவில்லை.