இரண்டால் பெருக்கிப் பாருங்கள்

சூளகிரியில் வசிக்கும் ஒரு பெரியவர். அஞ்சல் துறையில் 33 வருஷம் வேலை பார்த்து, 2003-ல் ஓய்வு பெற்றவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதா மாதம் பென்ஷன் வங்கிக்கு வந்துவிடுகிறது. "கவர்ன்மென்ட் கணக்கு, தப்பா இருக்காதுப்பா" என்பார் பிள்ளைகளிடம். இருக்கலாம் என்பதற்கு அவருடைய கணக்கே உதாரணம்.

அவர் ஓய்வு பெறும்போது இருந்த சம்பள விகிதம் 5000-150-8000. கடைசிப் பத்து மாதங்களும் வாங்கிய அடிப்படைச் சம்பளம் 7,100 ரூபாய். அதில் பாதி, 3,550, அவருடைய அடிப்படை பென்ஷன்.

ஆறாவது ஊதியக்குழுவின்படி 2006 ஜனவரி 1 முதல் திருத்தம் வந்தது. ஏற்கெனவே ஓய்வு பெற்றவர்களுக்குப் பழைய பென்ஷனை 2.26 ஆல் பெருக்கினார்கள். பெரியவருக்கு 8,023 ஆனது. அதே நாளில், அதே 7,100 ரூபாய் சம்பளத்தோடு வேலையில் இருந்தவருக்குக் கணக்கு வேறு. சம்பளத்தை 1.86 ஆல் பெருக்கி, அதன்மேல் கிரேடு பே 4,200 ரூபாயைச் சேர்த்தார்கள். சம்பளம் 17,410. அதில் பாதி 8,705. பெருக்கும் எண் பார்வைக்குச் சிறியதுதான். கிரேடு பேதான் வித்தியாசத்தை உண்டாக்கியது. முன்னாடியே ஓய்வு பெற்ற ஒரே காரணத்தால் பெரியவருக்கு மாதம் 682 ரூபாய் குறைந்தது.

பத்து வருஷம் கழித்து ஏழாவது ஊதியக்குழு. 2016 ஆகஸ்ட்டில் வந்த உத்தரவு, கையில் இருக்கும் அடிப்படை பென்ஷனை 2.57 ஆல் பெருக்கச் சொன்னது. 8,023 என்பது 20,620 ஆனது. பழைய பள்ளமும் சேர்ந்தே பெருகியது.

இதைச் சரிசெய்ய மத்திய அரசு 2017 மே 12-ல் இன்னொரு உத்தரவு போட்டது. ஓய்வு பெற்றவர் இன்னும் வேலையில் இருப்பதுபோல் பாவித்து, இடையில் வந்த ஒவ்வொரு ஊதியக்குழுவிலும் அவருக்குச் சம்பளம் நிர்ணயிக்க வேண்டும். 7,100 என்பது 17,410 ஆகும். அதை 2.57 ஆல் பெருக்கினால் 44,744. ஊதிய அட்டவணையில் ஆறாவது நிலையில் அதற்கு அடுத்துள்ள தொகை 44,900. அதில் பாதி, 22,450, புதிய பென்ஷன். இரண்டு வழியில் எது அதிகமோ அது கிடைக்கும். 2016 ஜனவரி 1 முதல் நிலுவையும் உண்டு.

வித்தியாசம் மாதம் 1,830 ரூபாய். அகவிலை நிவாரணம் 50 சதவீதமாக இருந்த 2024 ஜனவரியில் பார்த்தால் 2,745 ரூபாய். மருந்துச் செலவு அதில் அடங்கிவிடும்.

சிக்கல் எங்கே வருகிறது? 2.57 பெருக்கலை வங்கியே செய்துவிடலாம். இரண்டாவது வழிக்கு, ஓய்வு பெற்ற அலுவலகமும் அதன் கணக்குப் பிரிவும் சேர்ந்து திருத்திய பென்ஷன் உத்தரவு அனுப்ப வேண்டும். அது வராவிட்டால் வங்கி பழைய தொகையையே போட்டுக்கொண்டிருக்கும். அதன்மேல் குற்றம் சொல்லவும் முடியாது.

வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். பென்ஷன் சீட்டில் அகவிலை நிவாரணம், 80 வயதுக்குமேல் தரும் கூடுதல் பென்ஷன் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, கம்யூட்டேஷன் பிடித்தத்துக்கு முந்தைய அடிப்படைத் தொகையை மட்டும் எடுங்கள். அதை இரண்டால் பெருக்குங்கள். 22,450 என்றால் 44,900 வரும். அது அட்டவணையில் இருக்கிறது. 20,620 என்றால் 41,240. ஆறாவது நிலையில் 41,100 இருக்கிறது, 42,300 இருக்கிறது, 41,240 கிடையாது. அப்படியானால் இரண்டாவது திருத்தம் வந்து சேரவில்லை என்று சந்தேகப்படலாம். பி.பி.ஓ. புத்தகத்தின் நகலை இணைத்து, சம்பள விகிதத்தையும் கடைசிச் சம்பளத்தையும் குறிப்பிட்டு, ஓய்வு பெற்ற அலுவலகத்துக்கு எழுத வேண்டும். எட்டாவது ஊதியக்குழு எந்த எண்ணால் பெருக்கச் சொன்னாலும், அடியில் இருக்கும் தொகை சரியாக இருந்தால்தான் பலன்.

இது மத்திய அரசில் வேலை பார்த்தவர்களுக்கான கணக்கு. பக்கத்து வீட்டு ஆசிரியர் மாநில அரசு பென்ஷன்தாரர் என்றால், அவருக்குத் தமிழக அரசின் தனி உத்தரவு. ஓசூர் தொழிற்சாலையில் வேலை பார்த்து பி.எஃப். பென்ஷன் வாங்குகிறவரை எந்த ஊதியக்குழுவும் தொடுவதில்லை. இவர் கேட்டார் என்று அவர்களும் மனு எழுதினால் அலைச்சல்தான் மிச்சம்.

பெரியவர் எழுதத் தயங்கினால், வீட்டு அம்மாவுக்காகவாவது எழுதச் சொல்லுங்கள். சாதாரணக் குடும்ப பென்ஷன் அந்தப் பாவனைச் சம்பளத்தில் 30 சதவீதம். 44,900-க்கு அது 13,470. வெறும் பெருக்கலில் நின்றுவிட்டால் 12,372தான். திருத்திய உத்தரவு வந்ததும் அம்மாவின் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடியே அதில் இருக்கிறதா என்று அன்றைக்கே பார்த்துவிடுங்கள். பெரியவர் இருக்கும்போது திருத்துவது சுலபம்.