வறுவலில் போன ருசிக்குக் கொட்டை மீது பழியா?

ஏற்காட்டில் காப்பி வைத்திருக்கும் ஒருவர், நன்றாக உலர்த்திய 50 கிலோ அராபிகா கொட்டையை ஆம்பூரில் வறுத்து அரைத்து விற்பவருக்கு அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். பத்து நாளில் பதில் வருகிறது: "சரக்கில் சத்து இல்லை, டிகாக்‌ஷன் சப்பென்று இருக்கிறது, அடுத்த முறை விலை குறையும்." கொட்டை அதே கொட்டை, மலையில் குடித்தபோது நன்றாகவே இருந்தது. இந்த இடத்தில் விவசாயி விலையைக் குறைத்துக்கொள்ளும் முன், வறுத்த கொட்டையில் அரை கிலோ கேட்டு வாங்க வேண்டும் என்பது என் கருத்து. பொடி வேண்டாம், முழுக் கொட்டையாக வேண்டும்.

அதை வெள்ளைத் தாளில் பரப்பி, ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்க வேண்டும். ஆம்பூரில் தோல் தரம் பிரிப்பவர் ஒரு பக்கம் மட்டும் பார்த்து ஒதுக்குவதில்லை, இங்கும் அப்படித்தான். தட்டைப் பக்கத்தில் வட்டமாகவோ திட்டாகவோ கருப்புத் தழும்பு இருந்தால் அது ஸ்கார்ச்சிங். டிரம் அதிகம் காய்ந்த நிலையில் கொட்டையைப் போட்டாலோ, அளவுக்கு மேல் கொட்டினாலோ, டிரம் மெதுவாகச் சுற்றினாலோ, கொட்டை சூடான இரும்பில் ஒட்டிக் கிடந்து சுட்டுப்போகும். உடைத்துப் பார்த்தால் மேலே கருமை, உள்ளே வெளிர் நிறம். உருண்டையான பீபரி உருண்டுகொண்டே இருப்பதால் அதில் இந்தத் தழும்பு குறைவு.

தழும்பு தட்டைப் பக்கத்தில் இல்லாமல் கொட்டையின் முனையில் மட்டும் தீய்ந்திருந்தால் அது டிப்பிங். முளை இருக்கும் அந்த முனை மெல்லியது. நெருப்பை வேகமாக ஏற்றினால் முதலில் அதுதான் கருகும். இரண்டுக்கும் கோப்பையில் ஏறக்குறைய ஒரே அடையாளம்தான்: புகை, சாம்பல் கசப்பு, விழுங்கிய பிறகு தொண்டையில் நிற்கும் கருகல். நூறு கொட்டையில் ஒன்றிரண்டு இப்படி இருந்தால் நான் பெரிதுபடுத்த மாட்டேன். பத்து, பதினைந்து என்றால் வறுத்தவரைக் கேட்க வேண்டியதுதான்.

நம் கதையில் தழும்பு எதுவும் இல்லை. எல்லாக் கொட்டையும் ஒரே பழுப்பு, பார்க்க அழகு. சந்தேகப்பட வேண்டியது இங்கேதான். கருகிவிடுமோ என்ற பயத்தில் நெருப்பைக் குறைத்து இழுத்து வறுப்பவர்கள் உண்டு. சிறிய டிரம்மில் பொதுவாக 8 முதல் 11 நிமிடத்துக்குள் முதல் வெடிப்புச் சத்தம் கேட்கும். 10 முதல் 14 நிமிடத்துக்குள் இறக்கிவிடலாம். அதற்குப் பதில் டிரம்மை நிரப்பி, நெருப்பைத் தணித்து, வெடிப்பே 17-வது நிமிடத்தில் அங்கொன்று இங்கொன்றாகக் கேட்டு, 22-வது நிமிடத்தில் இறக்கினால், நடுவில் சூடு ஏறாமல் தேங்கியிருக்கும். இது பேக்கிங். நிறம் வந்துவிடும்; மணமும் இனிப்பும் போய்விடும். கொட்டையில் இதைக் கண்டுபிடிக்க முடியாது. நாக்குதான் சொல்ல வேண்டும். பால், சர்க்கரை, சிக்கரி இல்லாமல் 8 கிராம் பொடியில் 150 மில்லி வெந்நீர் ஊற்றி, நான்கு நிமிடம் கழித்து மேல் நுரையை நீக்கிக் குடியுங்கள். நல்ல வறுவல் ஆற ஆறத் தன் புளிப்பையும் இனிப்பையும் காட்டும். பேக்கிங் ஆனது ஆற ஆற வெறுமையாகி, காய்ந்த ரொட்டி, அட்டை வாசனை தரும்.

வேலூர்ப் பக்கம் இதைச் சோதிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாற்றுப் படுகை நிலத்தடி நீர் கெட்டது 1996-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போன விஷயம். உப்பும் காரமும் மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீர் காப்பியின் புளிப்பை அமுக்கிவிடும். நல்ல வறுவலும் சப்பென்றே தெரியும். ஆகவே நல்ல குடிநீரிலும் ஒரு கோப்பை போட்டுப் பார்க்காமல் யார் மீதும் பழி சொல்லக் கூடாது.

பழைய கொட்டையும் அட்டை வாசனை தரும் என்று வறுத்தவர் வாதிடலாம். அதில் நியாயமும் உண்டு. அதைத் தீர்க்க, அனுப்பிய அதே சரக்கில் பச்சைக் கொட்டை 100 கிராம் கையில் இருக்க வேண்டும். கனமான இரும்பு வாணலியில் கை நிறுத்தாமல் கிளறி, 9, 10 நிமிடத்தில் முதல் வெடிப்பு முடியும்போது இறக்கி, விசிறி ஆற்றி, ஒரு நாள் வைத்துக் குடியுங்கள். வாணலியில் நாலைந்து தழும்பு விழும். பரவாயில்லை, நாம் தேடுவது புளிப்பையும் இனிப்பையும். அவை இருந்தால் குற்றம் வறுவலில். வாணலிக் காப்பியும் சப்பென்று இருந்தால் உலர்த்தலையும் சேமிப்பையும் நாம்தான் பார்க்க வேண்டும்.

கலப்புப் பொடியில் 49 சதவீதம் வரை சிக்கரி சேர்க்கச் சட்டம் இடம் தருகிறது. அந்தக் கசப்புக்குள் பேக்கிங் ஒளிந்துகொள்ளும். கடையில் குடித்துப் பார்த்து முடிவு செய்வதில் பயனில்லை. மலைக்கு வரும் விரிவாக்க அலுவலர்கள் உலர்த்தும் களத்தில் ஈரப்பதம் அளப்பதோடு, ஒவ்வொரு சரக்கிலும் அரை கிலோ பச்சைக் கொட்டையைத் தேதி எழுதிக் காற்றுப் புகாத டப்பாவில் எடுத்து வைக்கவும், விற்பனைச் சீட்டில் வறுத்த நேரத்தைக் கேட்டு எழுதவும் சொல்லித் தரலாம்.