புள்ளி மறைந்த சின்னம்

நாம் பணிபுரியும் கல்லூரியில் மாணவர் சீருடைக்குப் புதிய சின்னம் ஒன்று வேண்டியிருந்தது. சித்திரம் பயிலும் மாணவன் ஒருவன் அதனை அழகுற வரைந்து தந்தான். கேடயத்தின் நடுவே திறந்த நூல், அதன்மேல் எரியும் விளக்கு, இருபுறமும் பனை, அடியிலே ஒரு நாடா. நாடாவில் ‘கல்வியே கண்’ என்னும் வாசகம். கடதாசியில் அதனைக் கண்டு நாம் அனைவரும் மகிழ்ந்தோம்.

பொறியிலே பூவேலை செய்யும் நிலையம் ஒன்றிலிருந்து மாதிரித் துண்டு வந்தது. தமிழாசிரியராகிய எமது நண்பர் அதனைக் கண்ணருகே கொண்டு சென்றார். உடனே மேசைமேற் கவிழ்த்து வைத்தார். ‘கல்வி’யின் புள்ளியைக் காணவில்லை! புள்ளி இழந்த அச்சொல் என்ன பொருள் தரும் என்பதைத் தமிழறிந்தார்க்கு நாம் விளக்க வேண்டியதில்லை. அதனை ஐந்நூறு பிள்ளைகளின் மார்பிலே தரிப்பிக்க இருந்தோம்.

பிழை தைத்தவருடையதன்று, எம்முடையதே. மாணவன் 35 சென்ரிமீற்றர் அகலத்தில் வரைந்திருந்தான். சின்னத்தின் அகலமோ 7 சென்ரிமீற்றர். அஃதாவது ஐந்தில் ஒரு பங்கு. கடதாசியில் 3 மில்லிமீற்றர் பருமனாயிருந்த புள்ளி, துணியில் 0.6 மில்லிமீற்றராயிற்று. பூவேலைக்கு வழக்கமாகப் பயன்படும் நூலின் பருமனே ஏறத்தாழ 0.4 மில்லிமீற்றர். ஒன்றரை நூற் பருமனில் எவ்வாறு ஒரு வட்டத்தைத் தைப்பது?

எழுத்துக்களின் கோட்டை நிரப்பும் தையல், கோட்டின் இரு கரைகளுக்கிடையே ஊசி மாறி மாறிச் சென்று, நூலை நெருக்கமாகக் கிடத்துவதாகும். கரைகளுக்கிடையே 1 மில்லிமீற்றரேனும் இல்லையாயின் ஊசி ஏறக்குறைய ஒரே இடத்திற் குத்திக்கொண்டிருக்கும். துணி அறும், நூல் முடிச்சாகும். அன்றியும், இறுகும் நூல் துணியையும் உள்ளே இழுப்பதால், தைத்த கோடு வரைந்த கோட்டிலும் சற்று ஒடுங்கும். கோடுகளுக்கு இடைப்பட்ட வெளிக்கும் இவ்வளவு இடம் வேண்டும். இல்லாவிடின் ‘ண’கரத்தின் சுழிகள் அடைபட்டு ஒரே திட்டாகிவிடும். எமது மாதிரியில் அதுவும் நேர்ந்திருந்தது.

ஆகவே திருத்தத்தை வாசகத்திலிருந்தே தொடங்கினோம். 3 மில்லிமீற்றர் உயரமாயிருந்த எழுத்தை 7 மில்லிமீற்றராக்கினோம், கோட்டை 1.2, புள்ளியை 1.5 மில்லிமீற்றராக்கினோம். புள்ளிக்கும் எழுத்துக்கும் இடையே 1 மில்லிமீற்றர் வெளி விட்டோம். இதற்கு நாடா அகல வேண்டியிருந்தது. பனைகளுள் ஒன்று இடம் விட்டது. எஞ்சிய பனையின் ஓலைக் கீற்றுக்களோ மயிரிழை போன்றவை. அவற்றைப் பாதியாகக் குறைத்து, நூலை ஒரே வரியாகச் செலுத்தும் ஓட்டத் தையலாக மாற்றினோம்.

அடுத்தது தையற் கணக்கு. கூலி தையலின் எண்ணிக்கைக்கே அமைவதால், 6,000 தையலுக்கு மேற்படலாகாது என நிலையத்தார் கூறியிருந்தனர். நிமிடத்துக்கு 700 தையல் இடும் பொறியில் அது ஒன்பது நிமிட வேலைக்குச் சற்றுக் குறைவு. எமது படமோ 7,600 தையலைக் கேட்டது. அவற்றுட் கணிசமான பங்கை விழுங்கியது, கேடயத்தின் வெறுந் தரையைக் கருஞ்சிவப்பு நூலால் நிரப்பியதே. கருஞ்சிவப்புத் துணியிலேயே சின்னத்தைத் தைத்தால் அந்நிரப்பல் வேண்டியதில்லை. அவ்வாறு செய்யவே கணக்கு 4,300 ஆகக் குறைந்தது. பலகைபோல் விறைத்து நின்ற மாதிரியும் வளைந்து கொடுக்கலாயிற்று.

இனி நிறம். மாணவன் விளக்கின் சுடரை மஞ்சளிலிருந்து செம்மைக்குப் படிப்படியாகக் குழைத்திருந்தான். நூல் குழைந்து கலக்காது. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு நூல் வேண்டும். எமக்கு அனுமதி பொன், வெள்ளை, பச்சை என மூன்றே. நிலையத்தில் வேலை செய்யும் அம்மையார் ஒரு வழி சொன்னார். “சுடரை இரண்டாப் பிரிச்சு, ஒரு பாதிக்கு நூலை இடப்பக்கம் சாய்ச்சும், மற்றதுக்கு வலப்பக்கம் சாய்ச்சும் தைப்பம், சேர். ஒரே நூல்தான், ரெண்டு நிறமாத் தெரியும்.” மினுங்கும் நூலில் ஒளி படுந் திசை வேறுபடுவதால் அவ்வாறே தெரிந்தது.

சின்னம் வரையும் மாணவர்க்கு ஒரு சோதனையைக் கூறி முடிக்கின்றோம். பெரிதாக வரைந்த படத்தை அப்படியே அனுப்பாதீர்கள். சின்னத்தின் உண்மையளவில் ஒரு கட்டம் போட்டு, 1 மில்லிமீற்றர் கோடு விழும் பேனாவினால் அதனுள் மீண்டும் வரைந்து பாருங்கள். அப்பேனாவுக்குள் அடங்காதது ஊசிக்குள்ளும் அடங்காது. வாசகத்திற் புள்ளியெழுத்து இருப்பின், முதலில் அதனையே வரையுங்கள்.